கடந்த காலத்துக்கு ஏன் ஒரு நாட்டின் பெயர்?

வெளிநாட்டு வேலைக்காகக் காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழ் கோரும் ஒருவர் நிரப்பவேண்டிய விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. எதற்காக இந்தச் சான்றிதழ் என்பது ஒன்று. எந்த நாட்டுக்கு என்பது மற்றொன்று. பார்வைக்கு இவை வெறும் அலுவலகக் குறிப்புகள். ஒரு குடிமகனின் கடந்த காலத்தைப் பற்றிய சான்று, அவர் செல்லவிருக்கும் இடத்துக்கு வழங்கப்படும் அனுமதியாக உருமாறுவது இந்த இரு கட்டங்களில்தான். பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பணிகளுக்குச் செல்லும் ஆய்வாளர்கள் இந்த உருமாற்றத்தைக் கவனிப்பதே இல்லை. அது தங்களைத் தடுக்கும்போதுதான் கவனிக்கிறார்கள்.

மக்கள் வழக்கில் பி.சி.சி. எனப்படும் இச்சான்றிதழை வெளிநாட்டுத் தேவைக்காக வழங்குவது கடவுச்சீட்டு அலுவலகம். விண்ணப்பதாரர் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிந்து, நோக்கத்தையும் நாட்டையும் குறித்து, 500 ரூபாய் செலுத்தி, குறித்த நாளில் மூல ஆவணங்களுடன் சேவை மையத்துக்குச் செல்லவேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகக் கடவுச்சீட்டு மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேவைப்படும்போது கோப்பு காவல்துறைக்குச் செல்கிறது. இப்போது வசிக்கும் முகவரிக்குரிய காவல் நிலையம் அறிக்கை அனுப்புகிறது. வேலை, குடியுரிமை நிலை, நீண்டகால விசா, குடிபெயர்வு ஆகியவையே ஏற்கப்படும் நோக்கங்கள். சுற்றுலா விசாவில் செல்வோருக்குச் சான்றிதழ் கிடையாது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குச் செல்பவர் தம் பணியை ‘வேலை’ என்பதா, ‘நீண்டகால விசா’ என்பதா என்று குழம்புவது இயல்பு. பணி ஒப்பந்தமும் ஊதியமும் இருந்தால் வேலை. வெறும் உதவித்தொகை என்றால் கோரும் விசா எந்த வகையோ அதையே எழுதுவது முறை. விண்ணப்பத்தில் ஒன்றும் கைக்கடிதத்தில் வேறொன்றுமாக இருந்தால், கேள்வி அங்கேயே பிறக்கும்.

நாட்டின் பெயர் விண்ணப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. சான்றிதழின் வாசகத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. இன்ன எண்ணுள்ள கடவுச்சீட்டை வைத்திருக்கும் இவருக்கு, இன்ன நாட்டுக்கான விசா உள்ளிட்ட பயண வசதிகளைப் பெறத் தகுதியற்றவராக்கும் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பது அதன் சாரம். இவர்மீது குற்றத்தீர்ப்பு இல்லை என்று அது சொல்வதில்லை. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்றும் சொல்வதில்லை. ‘பாதகமான தகவல்’ என்ற எல்லையற்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதை ஒரு நாட்டோடு முடிச்சுப் போடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு பணிக்கும் நியூசிலாந்தில் ஒரு பணிக்கும் ஒரே நேரத்தில் முயல்பவர் இரண்டு விண்ணப்பங்கள், இரண்டு கட்டணங்கள், இரண்டு சரிபார்ப்புகள் என்று அலைகிறார். அவருடைய கடந்த காலமோ ஒன்றுதான்.

இது தவிர்க்க முடியாத நடைமுறை அன்று. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 18 டாலருக்கு, கைரேகையை ஒப்பிட்டு ஒரு சுருக்க அறிக்கை தருகிறது: பதிவு இருந்தால் பதிவு, இல்லையென்றால் இல்லை. பிரிட்டனின் காவல்துறைச் சான்றிதழும் தண்டனைகளைப் பட்டியலிடுகிறது; எதுவும் இல்லாவிட்டால் தடயம் இல்லை என்கிறது. அந்த அமைப்புகளுக்கும் குறைகள் உண்டு. ஆனால் அவை பதிவேட்டில் உள்ளதைச் சொல்கின்றன. தகுதியைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதில்லை. பதிவை எடைபோடுவது விசா தரும் நாட்டின் வேலை. அந்த எடைபோடலை இந்திய அலுவலகம் முன்கூட்டியே தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 2020 தொடக்கத்தில் வளாக வாயிலில் நடந்த ஒரு மறியலில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருவர் என்று கொள்வோம். காவல்துறை நாற்பது பேர்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188 ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிந்தது. மாலையில் அனைவரையும் விடுவித்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை, அழைப்பாணை வரவில்லை. அவர் முனைவர் பட்டம் முடித்து, 2025இல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணி பெறுகிறார். கடந்த பத்தாண்டுகளில் பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் காவல் சான்றையும் கேட்பது ஆஸ்திரேலியாவின் வழக்கம். கேட்ட ஆவணத்தைத் தரப் பெரும்பாலும் 28 நாள்கள்தான். அவர் நோக்கம் ‘வேலை’ என்றும் நாடு ‘ஆஸ்திரேலியா’ என்றும் எழுதி விண்ணப்பிக்கிறார். காவல் நிலையக் கணினியில் பெயரைத் தட்டியதும் அந்த முதல் தகவல் அறிக்கை எழுந்து வருகிறது. அறிக்கை ‘பாதகம்’ என்று போகிறது. 28 நாள்கள் கரையத் தொடங்குகின்றன.

சட்டப்படி அந்த வழக்கின் நிலை என்ன? 143ஆம் பிரிவுக்கு உச்சத் தண்டனை ஆறு மாதம். 188க்கும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் ஓராண்டுக்குள் கோப்பில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு. தாமதத்தை நீதிமன்றமே தக்க காரணத்தோடு மன்னித்தாலன்றி, ஐந்தாண்டுக்குப் பின் அவ்வழக்குக்கு உயிர் இல்லை. 188ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க, உத்தரவிட்ட அரசு ஊழியரின் எழுத்துப்பூர்வமான முறையீடு வேண்டும் என்பது 195ஆம் பிரிவு. இப்பிரிவில் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் 2018இல் தீர்ப்பளித்தது. ஆக, நீதிமன்றத்தில் ஒருநாளும் பிறக்காத வழக்கு, காவல் நிலையக் கணினியில் மட்டும் சாகாமல் இருக்கிறது. ஆய்வாளரின் பணி ஆணையை அடக்கம் செய்வது இந்த ஆவிதான்.

வெளியுறவு அமைச்சகத்துக்கு இது தெரியாததன்று. கடவுச்சீட்டுச் சட்டம், 1967இன் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்க இடமளிக்கிறது. 2019 அக்டோபர் 10ஆம் நாளிட்ட அலுவலகக் குறிப்பாணையில், வெறும் முதல் தகவல் அறிக்கையும் புலனாய்வில் உள்ள வழக்கும் இப்பிரிவின்கீழ் வாரா என்றும், நீதிமன்றம் கோப்பில் எடுத்துக்கொண்ட பின்னரே நடவடிக்கை நிலுவையில் உள்ளதாகக் கருதப்படும் என்றும் அமைச்சகமே விளக்கியது. கடவுச்சீட்டையே மறுக்கப் போதாத காரணம், அந்தக் கடவுச்சீட்டை வைத்திருப்பவருக்குச் சான்றிதழை மறுக்க எப்படிப் போதுமானதாகிறது? அச்சட்டம் கடவுச்சீட்டு மறுப்புக்குக் காரணங்களை வரையறுக்கிறது. அவற்றை எழுத்தில் பதியச் சொல்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைக்கிறது. தடையின்மைச் சான்றிதழைப் பற்றி அதன் பிரிவுகள் பேசுவதே இல்லை. சட்டம் பேசாத இடத்தில் ‘பாதகம்’ என்ற ஒற்றைச் சொல் ஆட்சி செய்கிறது.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு 2021ஆம் ஆண்டே சான்று. பிப்ரவரியில், மறியல் போன்ற சட்டம் ஒழுங்கு நிகழ்வுகளில் குற்றச்செயலில் ஈடுபட்டதாகக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தோரின் நடத்தைச் சரிபார்ப்பில் அதைக் குறிக்கவேண்டும் என்று பீகார் காவல்துறை சுற்றறிக்கை விட்டது. ஜூலை இறுதியில், கல்வீச்சு போன்றவற்றில் தொடர்புடையோருக்குக் கடவுச்சீட்டுக்கான பாதுகாப்புச் சரிபார்ப்பை மறுக்கும்படி ஜம்மு காஷ்மீர்க் காவல்துறையின் ஒரு பிரிவு பணித்தது. தண்டனை பெற்றவர் என்ற நிபந்தனை அங்கெல்லாம் தேவைப்படவில்லை. காவல்துறையின் குற்றப்பத்திரிகையோ, ஈடுபட்டவர் என்ற அதன் கருத்தோ போதும்.

நாட்டின் பெயரைக் கேட்பது தொழிலாளர் பாதுகாப்புக்காக என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. அதில் பாதி உண்மை உண்டு. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு, அத்தகைய கடவுச்சீட்டோடு வேலைக்குப் போவோர் ஏமாற்றப்படுவது பழங்கதையன்று. ஆனால் அந்தக் காப்புக்கென்றே 1983இன் குடிபெயர்வுச் சட்டமும், குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகங்களும், இ-மைக்ரேட் இணையதளமும் உள்ளன. ஒப்பந்தத்தையும் முகவரையும் சோதிக்கவேண்டிய இடம் அது. தொழிலாளி குற்றம் செய்தவரா என்று சொல்லும் தாளை வைத்து முதலாளியின் நேர்மையைச் சோதிக்க முடியாது.

இந்நிலை மாறும்வரை, பழைய மறியல் வழக்கு ஏதேனும் உள்ள ஆய்வாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பணி ஆணை வரும்வரை காத்திராமல் முந்திக்கொள்வது. மாநிலக் காவல்துறை இணையதளத்திலிருந்து முதல் தகவல் அறிக்கையின் படியை எடுக்கலாம். அதன் எண்ணைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு கோப்பில் ஏறியுள்ளதா என்று தேடலாம். ஏறவில்லையெனில், உரிய நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு அந்நிலையை எழுத்தில் பெறலாம். விண்ணப்பத்தில் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது வெளிப்பட்டால் அதுவே புதிய பாதகம். ‘பாதகம்’ என்று அலுவலகம் விளக்கம் கேட்டால், அந்த ஆவணங்களையும் 2019 குறிப்பாணையையும் இணைத்து எழுத்தில் பதில் தரவேண்டும். அப்போதும் மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனுவோ, முதல் தகவல் அறிக்கையையே நீக்கக் கோரும் மனுவோதான் வழி. முன்கூட்டித் தொடங்கியவருக்கு இவற்றுக்கெல்லாம் காலம் இருக்கும். 28 நாள் கெடுவுக்குள் தொடங்குபவருக்கு இராது.

தனி மனிதரின் முன்னெச்சரிக்கை அமைப்பின் பிழையைத் திருத்தாது. சான்றிதழின் வாசகம் மாறவேண்டும்: குற்றத்தீர்ப்புகள், நீதிமன்றம் கோப்பில் எடுத்த வழக்குகள் என இரண்டே செய்திகள், நாட்டின் பெயர் வேண்டாம். மறுப்பு எழுத்தில், காரணத்தோடு, மேல்முறையீட்டு உரிமையோடு வரவேண்டும். வெளிநாடு செல்வது அரசு மனமிரங்கித் தரும் சலுகையன்று, தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று சத்வந்த் சிங் வழக்கில் 1967இலும் மேனகா காந்தி வழக்கில் 1978இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்வந்த் சிங் தீர்ப்பின் விளைவாகவே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. வாசலில் கேட்டுத் தீர்ந்த கேள்வியை, ஒரு விண்ணப்பப் படிவத்தின் இரண்டு கட்டங்கள் வழியே கொல்லைப்புறமாக மீண்டும் கேட்பதற்கு எந்த அலுவலகத்துக்கும் உரிமை இல்லை.