முதுகுக்குப் பின்னால் போன கடிதம்

மொட்டைமாடி ஒழுகலை அடைத்த பில் அதிகம் என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு மட்டும் மின்னஞ்சல் எழுதினேன். வந்த பதிலின் தலைப்பில் "RE:" இல்லை, "FW:" இருந்தது. சந்தேகப்பட்டு அடிவரை படித்தேன். என் கடிதத்துக்கு மேலே, செயலாளர் அதை அனுப்பிய மின்னஞ்சலின் From, To, Cc வரிகள். To-வில் ஒப்பந்ததாரர், Cc-யில் கமிட்டிக்காரர்கள் மூவர்! ஒப்பந்ததாரர் சொன்ன சமாதானம்தான் எனக்கு வந்த பதில்.

"எல்லோருக்கும் தெரியட்டுமே சார்" என்கிறார் செயலாளர். தெரியட்டும். ஆனால் "இவர்களுக்கும் அனுப்புகிறேன்" என்று முதல் வரியில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாமல் சேர்ப்பது வெளிப்படை அல்ல, கோள்.

Bcc-யில் சேர்த்திருந்தால் இந்தத் தடயம்கூட இருந்திருக்காது. ஆகவே Reply All அழுத்துமுன் பெயர்களை எண்ணிப் பாருங்கள்.