அழுக்குக்கும் ஒரு காரணம் வேண்டும்

முப்பரிமாண ரெண்டர் ஒன்று பொய்யாகத் தோன்றுவதற்கு அதன் அளவுகடந்த தூய்மையே காரணம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. அதற்கு மருந்தாகக் கறையையும் கீறலையும் எல்லாப் பரப்புகளிலும் சமமாகத் தூவுவது அந்தப் பாதி உண்மையிலிருந்து பிறக்கும் பிழை. பார்ப்பவரின் கண் தேடுவது அழுக்கை அன்று. அழுக்கு அங்கே வந்த காரணத்தை. புகை நெருப்பைக் காட்டுவதுபோலத் தன்னை விளைவித்த பொருளோடு நேரடித் தொடர்புடைய குறியைச் சார்ல்ஸ் பெர்ஸ் தனி வகையாகப் பிரித்தார். தேய்மானம் அவ்வகைக் குறியே. காரணமற்ற தேய்மானம் பொருளற்ற சொல்.

நம் நாட்டுக் கல்லூரி வகுப்பறை ஒன்றை Blender மென்பொருளில் அமைப்பதாகக் கொள்வோம். எண்ணெய் வண்ணம் பூசிய மரக்கதவுக்குத் தேய்மானம் தர, பலரும் Cycles தரும் Pointiness மதிப்பை நாடுகின்றனர். அது துருத்திய விளிம்புகள் அனைத்தையும் கண்டறிந்து, அங்கெல்லாம் வண்ணத்தை உரித்துவிடும். ஆனால் கதவின் எல்லா விளிம்புகளும் ஒன்றுபோல் தேய்வதில்லை. கீல் பக்கத்தைத் தொடுவார் இல்லை. தாழ்ப்பாள் பக்கத்தையே நூறு கைகள் தொடுகின்றன. மேலும், அம்மதிப்பு வடிவத்தின் முனைப்புள்ளிகளில் கணிக்கப்படுவதால், சில புள்ளிகளே கொண்ட தட்டைக் கதவில் மெல்லிய தேய்வுக்கோட்டுக்குப் பதிலாகப் பரந்த மங்கல்தான் கிடைக்கும்.

மாற்று வழி எளிது. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் ஒரு Empty வைத்து, அதன் அளவை 0.15 ஆகக் குறைத்து, Texture Coordinate கணுவின் Object புலத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். அதனோடு Gradient Texture கணுவை Spherical வகையில் இணைத்தால், மீட்டர் அளவில் அமைத்த காட்சியில், தாழ்ப்பாளைச் சுற்றி 15 செ.மீ. வரை படிப்படியாக மறையும் வட்டம் கிடைக்கும். அதை Noise Texture மதிப்போடு பெருக்கினால் வட்டத்தின் ஒழுங்கு குலைந்து, கைபட்ட இடமாகிவிடும். தொங்கும் கொண்டி ஆடி ஆடி வண்ணத்தில் கீறிய வில் ஒன்று, கதவு இறங்கித் தரையில் உரசிய வில் ஒன்று. இரண்டாவதன் மையம் கீல். ஆரம் ஏறத்தாழக் கதவின் அகலம். இவ்வளவு போதும். எஞ்சிய பரப்பைத் தூய்மையாக விடுவதே தேய்ந்த இடத்துக்குப் பொருள் தருகிறது.

தூசிக்கும் இதே நியதி. மேல்நோக்கிய பரப்புகளில் தூசியை இடும் குறுக்குவழி அலமாரிக்கும் சன்னல் திண்டுக்கும் பொருந்தும், மின்விசிறியிடம் தோற்றுவிடும். விசிறியில் கருமையாகத் தூசி அப்பிக்கொள்வது, சுழலும் திசையில் காற்றைக் கிழித்து முன்செல்லும் விளிம்பில். ஓர் இறக்கையில் அதைத் தீட்டிப் பிற இரண்டையும் சுழற்றிப் படியெடுக்க வேண்டும். கண்ணாடிப் பிம்பமாகப் படியெடுத்தால் தூசி பின்விளிம்புக்கு மாறிவிடும். காரணம் சொல்லத் தெரியாத பார்வையாளருக்கும் அந்த விசிறி உறுத்தும்.

இன்னொரு தவறு, தேய்மானத்தை நிறமாக மட்டுமே எண்ணுவது. கைபட்ட மரம் மெருகேறுகிறது. தூசி படிந்த மரம் மங்குகிறது. ஆகவே மேசையின் Roughness 0.5 எனில், கை ஊன்றும் இடத்தில் 0.35 அளவுக்குக் குறையவும், தூசி தங்கும் மூலையில் 0.9 அளவுக்கு உயரவும் வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாப் பொருள்களின் நிறத்தையும் ஒரே சாம்பலாக்கிவிட்டு, சன்னல் ஒளியின் பிரதிபலிப்பில் மட்டும் பயன்பாட்டின் தடம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியவில்லையெனில் அங்கே இருப்பது தேய்மானம் அன்று, மேலே ஒட்டிய படம்.

கட்டி முடிக்கப்படாத கட்டடத்தின் காட்சிக்கு அழுக்கு எதற்கு என்று கட்டடக் கலைஞர் வினவுவது நியாயமே. அங்கே விளிம்புகளை ஓரிரு மில்லிமீட்டர் மழுக்கினால் போதும்; புதுப் பொருளின் விளிம்பும் கத்தி முனையாக இருப்பதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் அஞ்சவேண்டிய இடம் வேறு. அழிந்த மண்டபம் ஒன்றை மீட்டுருவாக்கும்போது படிக்கட்டின் நடுவில் குழிவிழுந்த தேய்வைச் சேர்த்தால், மக்கள் அவ்வழியே பெருமளவில் ஏறினர் என்னும் கூற்று அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. அகழாய்வில் அதற்குச் சான்று இல்லையெனில் அது புனைவு. பண்பாட்டு மரபுக் காட்சியாக்கத்துக்கான 2009ஆம் ஆண்டு லண்டன் சாசனம், ஊகம் எது, சான்று எது என்பதை ஆவணப்படுத்தக் கோருவது இதனால்தான். அழகுக்காகச் சேர்த்த தேய்மானம் நீக்கத்தக்க தனி அடுக்காக இருக்கவேண்டும். அதை நீக்கிய படமும் கட்டுரையில் அருகிலேயே அச்சாகவேண்டும்.