வக்கிர சனியும் வசதிக்கேற்ற விதியும்

1998 அக்டோபர் இறுதியில் மட்டாஞ்சேரியில் பிறந்த ஒருவரின் ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். சனி மேடத்தில் நீசம், அதோடு வக்கிரம். இந்தச் சனி நன்மை செய்யுமா, தீமை செய்யுமா?

உத்தரகாலாமிர்தத்தின்படி, நீசக் கிரகம் வக்கிரமானால் உச்ச பலனைத் தரும். சாராவளியோ வக்கிரச் சுபர்களுக்கு ஆட்சிப்பேறும், வக்கிரப் பாபர்களுக்குத் துன்பமும் வீண் அலைச்சலும் கூறுகிறது. சனி பாபர். ஆக, ஒரே சனிக்கு ஒரு நூல் உயர்வையும் மற்றொன்று தாழ்வையும் விதிக்கிறது. இரண்டுமே சோதிடர் மேசையில் இருப்பதால் எந்த வாழ்க்கைக்கும் ஒரு விதி பொருந்திவிடும். மணப்பேச்சு முறிந்தால் பாபரின் வக்கிரம். பதவி கிடைத்தால் நீசத்தின் வக்கிரம். இத்தகைய கூற்று எப்போதும் தோற்காது. தோற்க இயலாத கூற்று எதையும் அறிவிப்பதுமில்லை.

இன்னும் ஆழமான குறை வான்கணிதத்தில் உள்ளது. சனி உண்மையில் பின்னோக்கிச் செல்வதில்லை. விரைந்து சுற்றும் பூமி அதனை முந்திச் செல்லும்போது, விண்மீன்களின் பின்னணியில் அது பின்வாங்குவதாகத் தோன்றுகிறது. சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் சனி நிற்கும் காலமே இந்நிகழ்வின் நடுப்பகுதி. பூமிக்கு மிக அருகில், மிக ஒளியோடு அது தெரிவதும் அப்போதுதான். ஷட்பலக் கணக்கு வக்கிரத்திற்கு முழுச் சேஷ்டா பலம் அளிப்பதன் பின்னணி இந்த ஒளியாக இருக்கக்கூடும். ஆனால் வலிமை என்பது வேறு, பலன் தலைகீழாவது என்பது வேறு. இவ்விரண்டையும் மேடைச் சோதிடம் ஒன்றாகக் குழப்புகிறது.

மேற்சொன்ன ஜாதகத்தில் சூரியன் துலாத்தில் இருக்கிறது. சூரியன் துலாத்திலும் சனி மேடத்திலும் இருந்தால், சனி வக்கிரமாகியே தீர வேண்டும். வேறு வழியே இல்லை. எனவே வக்கிரம் இங்கே தனிச் சான்று அன்று. சூரியனின் இடத்தைச் சொன்னபோதே சொல்லப்பட்டுவிட்ட செய்தி, இரண்டாம் முறை எண்ணப்படுகிறது.

அது அரிய நிகழ்வும் அன்று. ஏறத்தாழ 378 நாள் சுற்றில் சுமார் 138 நாள் சனி வக்கிரமாக இருக்கும். மட்டாஞ்சேரியில் பிறந்தவருக்கும் மதுரையில் பிறந்தவருக்கும், மூன்றில் ஒருவருக்கு மேல், அதே 'சிறப்பு' வாய்க்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறும் லக்கினத்தைப் போல் அது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டாது.

கேரளத்துப் பரமேசுவரர் 1431இல் திருக்கணிதத்தை இயற்றியதற்குக் காரணம், வழக்கிலிருந்த பரகிதக் கணக்கு வானில் கண்டதோடு ஒத்துவராமையே. கணக்கு பிழைத்தபோது அவர் கணக்கைத் திருத்தினார். பலன் பிழைக்கும்போது இன்றைய சோதிடர் நூலை மாற்றிக்கொள்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: வாழ்க்கை வரலாற்றைக் கேட்பதற்கு முன், எந்த நூலின் விதி இந்தச் சனிக்குப் பொருந்தும், எது நிகழாவிட்டால் அவ்விதி தவறு என்று எழுதித் தர இயலுமா? இயலாதெனில், வக்கிரத்தைக் காட்டி ஒரு பெண்ணின் மணப்பேச்சை நிறுத்தும் உரிமையும் அவருக்கு இல்லை.