பத்து மில்லிகிராம் வைத்தியம்

மெலடோனினைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு கட்டுரை படித்தேன். எழுதியவர் பெயர் வேண்டாம். ஆள் முக்கியமல்ல, அவர் சொன்னதுதான் இப்போது பல வீடுகளில் தலையணைக்குப் பக்கத்தில் டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. அவர் வாதத்தின் சாரம் இது: மெலடோனின் இயற்கையான தூக்க மாத்திரை. படுக்கப் போகும்போது 5 மில்லிகிராம் போடுங்கள், கேட்காவிட்டால் 10. நடுராத்திரியில் விழித்தால் இன்னொன்று. விமானப் பயணமா? ஏறி உட்கார்ந்ததுமே தொடங்கிவிடுங்கள், எந்தத் திசையானாலும் சரி. இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை.

இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பிழைகளை அடுக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

முதல் சொல்லிலேயே தடுக்கி விழுகிறார். மெலடோனின் தூக்க மாத்திரை அல்ல. மூளைக்குள் பினியல் சுரப்பி இருட்டியதும் அதைச் சுரக்கிறது. எலிக்கும் இருட்டில்தான் சுரக்கிறது. எலிக்கோ அதுதான் ஓடியாடி இரை தேடும் நேரம். தூங்க வைப்பதுதான் அதன் வேலை என்றால் உலகத்து எலிகளெல்லாம் பொழுது சாய்ந்ததும் குறட்டை விட வேண்டும். அது சொல்வதெல்லாம் "ராத்திரி ஆகிவிட்டது" என்ற ஒரே செய்திதான். கேட்கும் உடல் தன் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. மனிதருக்கு அதனால் கொஞ்சம் தூக்கமும் வருகிறது என்பது உண்மை, ஆனால் அது பக்கவாட்டு லாபம். தண்டோரா போடுபவன் எவ்வளவு ஓங்கி அடிக்கிறான் என்பதைவிட எத்தனை மணிக்கு அடிக்கிறான் என்பதுதான் ஊருக்கு முக்கியம். கட்டுரையாளர் பறையின் அளவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்.

அளவுக்கு வருவோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வுர்ட்மன் குழுவினர் 1990களில் இதை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 0.3 மில்லிகிராம் விழுங்கினாலே ரத்தத்தில் மெலடோனின், இயல்பாக இரவில் இருக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. 10 மில்லிகிராம் என்பது அதைப் போல 33 மடங்கு. அதிகம் போட்டால் வீணாகத்தானே போகும், கெடுதல் என்ன என்று கட்டுரையாளர் கேட்கலாம். ஆல்ஃபிரெட் லூயி ஆரிகன் மாநிலத்தில் பார்வையற்ற ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. வெளிச்சம் கண்ணில் படாததால் அந்த மனிதரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்துக்குக் கட்டுப்படாமல் தினமும் பின்தங்கிக்கொண்டே போனது. 20 மில்லிகிராம் கொடுத்தும் அது நிலைக்கு வரவில்லை. 0.5 மில்லிகிராமில் வந்தது. நாற்பதில் ஒரு பங்கு ஜெயித்தது.

ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உடலின் மாலை நேரத்தில் போய்ச் சேரும் மெலடோனின் கடிகாரத்தை முன்னே தள்ளும், அன்றைக்குச் சீக்கிரம் தூக்கம் வரும். உடலின் காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பின்னே இழுக்கும். சின்ன அளவு மாலையில் வேலையை முடித்துவிட்டுக் கரைந்துபோகும். பெரிய அளவு ராத்திரி முழுக்க ரத்தத்தில் நின்று காலைக்குள் வழிந்துவிடும். ஒரு கையால் தள்ளியதை இன்னொரு கையால் இழுப்பது போல. மெலடோனின் பாதியாகக் குறைய ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 ஐந்தாகி, இரண்டரையாகி, ஒன்றேகாலாகி, ஐந்தாவது பாதியில்தான் 0.3க்கு வருகிறது. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் போன பிறகும், சின்ன அளவு மாத்திரை ஒன்றை அப்போதுதான் விழுங்கியதற்குச் சமமான சரக்கு உடம்பில் மீதி இருக்கிறது.

இது என் அக்கா மகன் வீட்டிலேயே நடந்தது. மென்பொருள் வேலை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து ராத்திரி மூன்று மணிக்குத் தூங்கிக் காலை பதினொன்றுக்கு எழுந்திருப்பான். தூக்கம் வராத வியாதி அல்ல அது. மூன்று மணிக்குப் படுத்தால் எட்டு மணி நேரம் கட்டை மாதிரி தூங்குவான். கடிகாரம்தான் தள்ளிப் போய்விட்டது. இதே மாதிரியான அறிவுரையைக் கேட்டுப் பன்னிரண்டரைக்கு 10 மில்லிகிராம் போட்டுப் படுத்தான். தூக்கம் வராமல் இரண்டரைக்கு இன்னொன்று. "மாமா, மூணு வாரமாச்சு. அதே மூணு மணிதான். இப்ப எந்திரிச்சா தலை வேற கனக்குது" என்றான்.

கனக்காமல் என்ன செய்யும்? பெரும்பாலானவர்களுக்குத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சுரப்பு தொடங்கிவிடும். மூன்று மணிக்குத் தூங்குபவனுக்கு அது ராத்திரி ஒரு மணி வாக்கில். பன்னிரண்டரைக்கு அவன் போட்டது, உடம்பே அறிவிக்கப் போகும் செய்தியை அரை மணி முன்னால் அறிவித்தது. அதில் நகர்த்தல் மிகக் கொஞ்சம். இரண்டரைக்குப் போட்ட இரண்டாவது மாத்திரையோ ஒன்பது, பத்து மணி வரை வழிந்து, அவன் உடலின் விடியற்காலையில் போய் நின்று கடிகாரத்தைப் பின்னால் இழுத்தது. கட்டுரையாளரின் "இன்னொன்று" செய்த கைங்கரியம் இது.

நாங்கள் மாற்றியது மூன்றுதான். முக்கால் மில்லிகிராமாகக் குறைத்தோம். கடைகளில் பெரும்பாலும் 3, 5, 10 என்றுதான் கிடைக்கிறது, அதனால் சாதாரண 3 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டிக்கொண்டான். (மெதுவாகக் கரையும் வகையை வெட்டக்கூடாது, வெட்டினால் அதன் அமைப்பே கெட்டுவிடும்.) நேரத்தைப் படுக்கையிலிருந்து பிரித்து ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுபோனோம், அதாவது அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு, சுரப்பு தொடங்க மூன்று மணி நேரம் முன்பு. தூக்கம் முன்னால் நகர நகர மாத்திரையும் முன்னால் நகர்ந்தது. மாத்திரை போட்ட பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்பது நிபந்தனை.

மூன்றாவது வெளிச்சம். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வெளிச்சம் மெலடோனினுக்கு நேர் எதிராக வேலை செய்யும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும், ராத்திரி வெளிச்சம் பின்னே இழுக்கும். இதைக் கேட்டதும் அக்கா ஆறு மணிக்கு அலாரம் வைத்து அவனை மொட்டை மாடிக்கு விரட்டக் கிளம்பினாள். அதுவும் தவறு. உடல் வெப்பம் மிகவும் தாழும் ஒரு நேரம் உண்டு, இயல்பாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதற்கு முன் பட்ட வெளிச்சம் ராத்திரி வெளிச்சம்தான். அவனுக்கு அந்தக் கோடு எட்டு, எட்டரை வாக்கில் இருந்தது. ஆறு மணி வெயில் அவனை மேலும் பின்னே தள்ளியிருக்கும். பதினொன்றுக்கு எழுந்ததும் மாடி வெயில், பிறகு இரண்டு நாளுக்கு அரை மணி வீதம் முன்னால், ராத்திரி பத்துக்குப் பிறகு விளக்கைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டோம். நான்காவது வாரம் பன்னிரண்டரைக்குத் தூங்கினான். தீபாவளிக்கு மூன்று ராத்திரி கூட்டாளிகளோடு விழித்திருந்துவிட்டு மறுபடி இரண்டு மணிக்குப் போனான் என்பதையும் மறைக்கவில்லை.

மெலடோனினின் எல்லையும் அங்கேதான் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் இதே கோளாறு உள்ளவர்களுக்கு 0.5 மில்லிகிராமை, அவர்கள் தூங்க விரும்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு, தூக்க நேர ஒழுங்கோடு சேர்த்து நான்கு வாரம் கொடுத்த ஆய்வு 2018இல் வந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் சராசரியாக 34 நிமிடம் முன்னால் தூங்கினார்கள். "பத்தே நிமிடத்தில் சொர்க்கத் தூக்கம்" என்பது எந்த ஆய்வில் வந்தது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

பயணத்தில் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் ஓரளவு சரி. 2002இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரில் படுக்கும் நேரத்தில் போட்டால் பலன் உண்டு என்றது. 5 மில்லிகிராம் போட்டவர்கள் 0.5 போட்டவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள் என்றும் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வு, பயண அலுப்பைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, 5க்கு மேல் போவதில் கூடுதல் பலன் இல்லை என்றும் சொன்னது. அடுத்த வரியைப் படிக்கவிடாமல் அவரை யார் தடுத்தார்கள்?

"எந்தத் திசையானாலும் சரி" என்பதுதான் மன்னிக்க முடியாதது. குளிர்காலத்தில் லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள், ஐந்தரை மணி நேர வித்தியாசம். லண்டனில் பதினொன்றுக்குத் தூங்கிப் பழகிய உடம்புக்குச் சென்னையின் ராத்திரி பத்து என்பது மாலை நாலரை. அந்த நேரத்துச் சின்ன மாத்திரை கடிகாரத்தை முன்னே தள்ளும், அதுதான் நமக்கும் வேண்டும். ஆனால் விடியற்காலையில் வந்து இறங்கி ஏழு மணி வெயிலில் காபி குடித்துக்கொண்டு நின்றால், உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை. முதல் நாள் ஒன்பதரை வரை கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பிறகு தாராளமாக வெயில், மறுநாள் முதல் அந்த எல்லையைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகிறவருக்கு எல்லாமே தலைகீழ். அவர் கடிகாரத்தைப் பின்னே இழுக்க வேண்டும், மாலை வெளிச்சத்தில் நடக்க வேண்டும். விடியற்காலை மூன்றுக்கு முழிப்புத் தட்டினால் அப்போது அரை மில்லிகிராம் போடலாம். என் மருமகனைக் கெடுத்த அதே நடுராத்திரி மாத்திரை அங்கே மருந்து. விமானத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினால் இதில் எது நடக்கும் என்பது ஏறிய நேரத்தின் தலையெழுத்து.

"இயற்கையானது" என்ற கடைசிச் சமாதானத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்காவில் 2023இல் மெலடோனின் மிட்டாய்கள் 25 வகைகளைச் சோதித்தார்கள். 22இல் லேபிளில் போட்ட அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை, இன்னொன்றில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஃப்ளுவாக்ஸமின் என்ற மனநல மருந்து சாப்பிடுபவருக்கு, கல்லீரல் மெலடோனினைச் சிதைப்பது தடைபட்டு அரை மில்லிகிராமே பல மடங்காக ஏறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கட்டுரையாளர் இவர்களில் ஒருவரைக்கூட எச்சரிக்கவில்லை.

"நடுராத்திரியில் விழித்தால் இன்னொன்று" என்ற அந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் திருத்தி அச்சிடுங்கள், ஐயா.