பத்து சதவீதம் என்பது எத்தனை ரூபாய்?

தீபாவளி நெருங்கினால் இணைய தளங்களில் கேஷ்பேக் விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். "குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் வாங்கினால் 10% கேஷ்பேக்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. உண்மையான விஷயம் அந்த நட்சத்திரத்தில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீங்கள் 42,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குகிறீர்கள். பத்து சதவீதம் என்றால் 4,200 ரூபாய் என்று மனம் கணக்குப் போடும். நட்சத்திரக் குறியைக் கிளிக் செய்தால், "ஒரு கார்டுக்கு அதிகபட்சம் ரூ.1,500" என்று இருக்கிறது. அப்படியானால் 15,000 ரூபாய் வரைதான் பத்து சதவீதம். உங்கள் லேப்டாப்புக்குக் கிடைப்பது நான்கு சதவீதம் கூட இல்லை.

அடுத்தது, எதை வாங்கினால் சலுகை என்பது. சில சலுகைகள் மாதத் தவணையில் வாங்கினால் மட்டுமே கிடைக்கும். கிப்ட் கார்டு, தங்க நாணயம் போன்றவற்றைப் பல சலுகைகளில் சேர்ப்பதில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தால் கேஷ்பேக்கும் போய்விடும்.

மூன்றாவது, பணம் எப்போது வரும்? உடனடித் தள்ளுபடி என்றால் பில்லிலேயே குறைந்துவிடும். கேஷ்பேக் அப்படி அல்ல. சலுகை அக்டோபர் 20ல் முடிந்து, "முடிந்த 90 நாட்களுக்குள் வரவு வைக்கப்படும்" என்று இருந்தால், ஜனவரி 18 வரை காத்திருக்க நேரலாம். அதற்குள் கார்டு பில் வந்துவிடும். 42,000 ரூபாயையும் முழுதாகக் கட்ட வேண்டும். கேஷ்பேக்கைக் கழித்துக் கொண்டு கட்டினால், பாக்கிக்கு வட்டி ஏறும். அது கேஷ்பேக்கையே தின்னத் தொடங்கிவிடும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, நிபந்தனைக் குறிப்பு எளிதில் கண்ணில் படும் இடத்தில், விளம்பர வாசகத்தின் அதே மொழியிலும் அதே எழுத்துருவிலும் இருக்க வேண்டும். என் கருத்தில் வங்கிகள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். தலைப்பையே இப்படி எழுதட்டுமே: "லேப்டாப், மொபைல் வாங்கினால் 10% கேஷ்பேக். அதிகபட்சம் ரூ.1,500. ஜனவரி 18க்குள் உங்கள் கார்டு கணக்கில் வரவு வைக்கப்படும்." இரண்டே வரிதான். இதற்கு இடம் இல்லை என்று எந்த வங்கியும் சொல்ல முடியாது.

அதுவரை வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து, கம்ப்யூட்டரில் சேமித்துக் கொள்ளுங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். சொன்ன தேதியில் பணம் வராவிட்டால், வங்கியிடம் காட்ட உங்கள் கையில் இருக்கும் சான்று அந்தப் பைல்தான்.