வழியனுப்பும் விரலும் விதி 2.5-உம்

விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சின்னசாமி அரங்கில், 1996 மார்ச் 9 அன்று ஆமிர் சோஹைல் பவுண்டரி அடித்துவிட்டு, மட்டையால் எல்லைக்கோட்டைச் சுட்டி வெங்கடேஷ் பிரசாத்தைச் சீண்டினார். அடுத்த பந்திலேயே ஸ்டம்பு சாய்ந்தது. பிரசாத் கைகாட்டி, சில சொற்களோடு அவரை வழியனுப்பினார். இன்றும் பலர் கொண்டாடும் காட்சி அது.

இன்றைய ஐசிசி நடத்தை விதிகளின்படி அபராதத்துக்கு உரியவர் பெரும்பாலும் பிரசாத்தே. விதி 2.5 ஆட்டமிழந்த கணத்தை மட்டுமே தனித்துக் காக்கிறது. அப்போது மட்டையாளரை இழிவுபடுத்தும், அல்லது சினமூட்டக்கூடிய சொல்லோ சைகையோ போதும். வசைச்சொல் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. கள நடுவர்கள் குற்றஞ்சாட்டுவர். ஆட்ட நடுவர் தண்டனையை முன்மொழிவார். வீரர் ஏற்றால் விசாரணையே இல்லை.

2024 டிசம்பரில் அடிலெய்டில் டிராவிஸ் ஹெட்டை வீழ்த்திய முகமது சிராஜ் இவ்விதியின் கீழ் ஆட்ட ஊதியத்தில் 20 விழுக்காட்டை இழந்தார். பதிலுரைத்த ஹெட் மீது விதி 2.13 பாய்ந்தது, அபராதமில்லை. இருவருக்கும் ஒவ்வொரு குறைப்புள்ளி. 24 மாதங்களில் நான்கு சேர்ந்தால் ஆடத் தடை.

ஆட்டமிழந்தவருக்குத் திருப்பி ஆட வாய்ப்பில்லை. ஆகவே அக்கணத்தைக் காப்பது நியாயமே. ஆனால் முதலில் சீண்டிய மட்டையாளருக்கு இணையான தனிவிதி இல்லை. சோஹைலின் மட்டை இன்றும் நடுவரின் மனப்போக்கைப் பொறுத்தே தப்பும்.