‘அதிகம்’ என்றால் கூட்டலா?

போன வாரம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டோடு வந்து என் திண்ணையில் உட்கார்ந்தான். கணக்கு இதுதான்: முருகனிடம் 15 மாம்பழங்கள் இருக்கின்றன. அது வேலனிடம் இருப்பதைவிட 4 அதிகம். வேலனிடம் எத்தனை?

பையன் யோசிக்கவே இல்லை. 15 + 4 = 19 என்று எழுதிவிட்டான்.

“ஏல, முருகன்கிட்டதானே அதிகமா இருக்கு? வேலன்கிட்ட 19 எப்படி வரும்?”

“‘அதிகம்’னு வந்தா கூட்டணும் தாத்தா. டியூஷன்ல கொடுத்திருக்காங்க” என்று ஒரு அட்டையை நீட்டினான். அதிகம், மொத்தம் என்றால் கூட்டல்; குறைவு, மீதி என்றால் கழித்தல்; மடங்கு என்றால் பெருக்கல். லேமினேஷன் வேறு செய்திருந்தார்கள்.

கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வாத்தியாராக இருந்த காலத்தில் இதே பட்டியலை நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பரீட்சைக்கு நாள் நெருங்கினால் அதுதான் சுலபம். அந்தப் பாவத்தைத் தொலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

‘அதிகம்’ என்ற சொல் நம்மைக் கூட்டச் சொல்லவில்லை. இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே என்ன உறவு என்று சொல்கிறது, அவ்வளவுதான். வேலனிடம் இருப்பது x என்றால் முருகனிடம் x + 4. அது 15. ஆகவே x + 4 = 15, வேலனிடம் 11. கூட்டல் குறி வரத்தான் செய்கிறது. ஆனால் வேலன் பக்கம் வருகிறது. அதை அட்டை சொல்லாது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழி இருக்கிறது. தமிழில் ‘ஒரு எண்ணைவிட 5 குறைவு’ என்றால், சொல் வருகிற வரிசையிலேயே x − 5 என்று எழுதிவிடலாம். அதையே ‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்று படிக்கிற பிள்ளை, காதில் விழுந்தபடி 5 − x என்று எழுதுகிறது. அந்த வரியைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னால் பாதி கஷ்டம் தீரும்.

இது மக்குப் பிள்ளைகளின் தவறு என்று நினைக்காதீர்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளமென்ட் 1982-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள், மாணவர் எண்ணிக்கை S, பேராசிரியர் எண்ணிக்கை P, சமன்பாடு எழுதுக. கேட்டது இவ்வளவுதான். முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேரில் 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதியது 6S = P. சரியானது S = 6P. S என்பதை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ‘மாணவர்’ என்பதன் சுருக்கெழுத்தாகப் பார்த்ததால் வந்த வினை. பேராசிரியர் 10 பேர், மாணவர் 60 பேர் என்று எண்ணைப் போட்டிருந்தால் 6S 360 ஆகிவிடும், குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அந்த எண்தான் மருந்தும். ஒரு கணக்கைப் பாருங்கள். உண்டியலில் 5 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 20. மதிப்பு 64 ரூபாய். 5 ரூபாய் நாணயங்கள் எத்தனை?

x-ஐ எடுக்காதே, முதலில் குத்துமதிப்பாக ஒரு எண் சொல் என்றேன். “9” என்றான். சரியா என்று எப்படிப் பார்ப்பாய்? 9 × 5 = 45. மீதி 11 நாணயம், 22 ரூபாய். மொத்தம் 67. தப்பு.

தப்பானால் பரவாயில்லை. செய்ததைச் சுருக்காமல் அப்படியே எழுது என்றேன்: 9 × 5 + (20 − 9) × 2. இங்கேதான் கவனம் வேண்டும். 45 என்றும் 22 என்றும் சுருக்கிவிட்டால் கணக்கின் உருவம் அழிந்துவிடும். இப்போது 9 இருந்த இடத்தில் எல்லாம் x போடு. கடைசியில் 64-க்குச் சமம் என்று எழுது:

5x + 2(20 − x) = 64

3x = 24, x = 8. சரிபார்த்தான்: 40 ரூபாயும் 24 ரூபாயும் 64. சமன்பாட்டை அவனே எழுதியிருந்தான். நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

ஊகித்துக்கொண்டிருந்தால் பரீட்சையில் நேரம் போகாதா என்பார்கள். விடை கிடைக்கும்வரை ஊகிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஊகம், ஓரத்தில் இரண்டு வரி. பழகிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

உங்கள் பேரன் பேத்தியிடம் அந்த மாம்பழக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். 19 என்று பதில் வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அட்டை இருக்கிறதா என்று பையைப் பாருங்கள்.